பேசியே அலுவல் மின்னஞ்சல் எழுதுவது: பிழை எங்கே ஒளிந்திருக்கும், எந்த வரிசையில் பிடிப்பது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தில் கொள்முதலையும் கடிதப் போக்குவரத்தையும் பார்க்கிறேன். நூல் மில், டையிங், பிரிண்டிங் என்று தினமும் பத்துப் பதினைந்து மின்னஞ்சல்கள் போகும். பெரும்பாலும் தமிழில்தான். எங்கள் சூப்பர்வைசர்களுக்குத் தமிழில் தட்டச்சு வராது; ஆனால் சொல்ல வேண்டியதை என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். அதனால் போனில் பேசி எழுதப் பழக்கினோம். அப்படிப் பழகியவர்கள் எங்கெங்கே தடுக்கினார்கள் என்று பார்த்து வைத்ததுதான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் தட்டும்போது வருவது எழுத்துப் பிழை. தப்பான சொல் அகராதியில் இருக்காது, பார்த்ததும் கண்ணை உறுத்தும். பேசி எழுதும்போது அப்படி இல்லை. போன் தனக்குத் தெரிந்த சொற்களிலிருந்துதான் எடுத்துப் போடுகிறது. ஆகவே பிழையும் ஒரு நல்ல தமிழ்ச் சொல்லாகவே வந்து உட்காரும். சிவப்புக் கோடு விழாது, வாசித்தால் ஓட்டமாகவே இருக்கும். கீழே உள்ள படிகளெல்லாம் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான்.

## 1. பேசுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆண்ட்ராய்டு போன், அதில் Gboard விசைப்பலகை, மைக் உள்ள இயர்போன், ஒரு துண்டுச் சீட்டு. இவ்வளவு போதும்.

Gboard-இன் Settings-க்குள் Languages போய், Add keyboard வழியாகத் தமிழ் (இந்தியா) சேருங்கள். அதே Settings-இல் Voice typing இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதியவர்கள் முதலில் தடுக்குவது இங்கேதான். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும்போதே மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள். போன் தமிழை ஆங்கிலமாகக் கேட்டு, பொருளற்ற ஆங்கிலச் சொற்களைக் கொட்டுகிறது. பேசத் தொடங்கும் முன் ஸ்பேஸ் பட்டையில் தமிழ் என்று தெரிகிறதா பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

இயர்போன் எதற்கென்றால், போனின் மைக் சுற்றியுள்ள எல்லாச் சத்தத்தையும் வாங்கும். தையல் மெஷின் ஓடும் ஹாலில் நின்று பேசினால் ஒவ்வொரு சொல்லின் கடைசி அசையும் அதில் அமுங்கிப்போகும். தமிழில் ஒரு வாக்கியத்தின் பொருள் பாதி அந்தக் கடைசி அசையில்தான் இருக்கிறது. மைக் வாய்க்கு அருகில் இருந்தால் அது தப்பிக்கும்.

சீட்டில் எண்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை கிலோ, என்ன விலை, எந்தத் தேதி, பில் எண். பேசும்போது பார்ப்பதற்காக மட்டும் இல்லை. பேசி முடித்த பிறகு திரையோடு ஒப்பிட, திரைக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். திரையில் இருப்பதைத் திரையிலேயே சரிபார்த்தால், தப்பாக வந்த எண்ணும் சரியாகத்தான் தோன்றும்.

## 2. மின்னஞ்சலுக்குள் பேசாதீர்கள்

ஜிமெயிலைத் திறந்து, பெறுநர் முகவரியைப் போட்டு, அப்புறம் பேசத் தொடங்குவார்கள். வரிசை தலைகீழ். திருத்தாத கடிதமும் அனுப்பும் பொத்தானும் ஒரே திரையில் இருந்தால் என்றைக்காவது விரல் பட்டுவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை பாதி பேசிய கடிதம் மில்லுக்குப் போய், அவர்கள் பதறிப் போன் செய்தார்கள்.

குறிப்புச் செயலி எதையாவது திறந்து அதில் பேசுங்கள். கூகுள் கீப் போதும். அங்கேயே திருத்தி முடித்துவிட்டு, நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டுங்கள். பெறுநர் முகவரியை எல்லாவற்றுக்கும் கடைசியில் போடுங்கள்.

கணினியில் செய்பவர்கள் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸ் திறந்து Tools பட்டியில் Voice typing எடுக்கலாம். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றேதான்.

## 3. எதைப் பேசக் கூடாது

ஆள் பெயர், நிறுவனப் பெயர், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண், மின்னஞ்சல் முகவரி. இவற்றைப் பேசவே வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள், எழுத்தும் இலக்கமும் கலந்து. தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும் என்பது நமக்குத் தெரியும். போனுக்கு அது வெறும் ஒலி. ஐந்து முறை பேசித் திருத்துவதைவிட ஒருமுறை பழைய பில்லிலிருந்து நகலெடுப்பது வேகம்.

அந்த இடத்தில் பேச்சு தடைபடாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். பெயரோ எண்ணோ வர வேண்டிய இடத்தில் "தாமரை" என்று சொல்லிவிட்டு மேலே போவேன். போன் அதைத் தப்பாகக் கேட்டதில்லை. எங்கள் கடிதங்களில் வேறு எங்கும் அந்தச் சொல் வராது. பேசி முடித்ததும் ஒவ்வொரு தாமரையாகத் தேடி, சரியான பெயரை ஒட்டுவேன். உங்கள் வாயில் தெளிவாக வரும் வேறு சொல்லையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் தொழிலில் புழங்கும் சொல்லாக இருக்கக் கூடாது.

அடிக்கடி தேவைப்படும் ஜிஎஸ்டி எண், முகவரி போன்றவற்றை Gboard-இன் Dictionary பகுதியில், Personal dictionary-க்குள் ஒரு குறுக்குச் சொல்லோடு சேமித்து வைக்கலாம். அந்தக் குறுக்குச் சொல்லைத் தட்டினால் முழுவதும் மேலே பரிந்துரையாக வரும்.

## 4. எப்படிப் பேசுவது

கடிதத் தமிழில் பேசுங்கள். "அனுப்பிருக்கோம்" என்று சொன்னால் போன் அதை அப்படியே போடும், அல்லது "அனுப்பி இருக்கும்" என்று மாற்றும், அல்லது வேறு எதையாவது போடும். இன்னது வரும் என்று சொல்ல முடியாது. "அனுப்பியிருக்கிறோம்" என்று முழுதாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும். எல்லாச் சொல்லையும் இலக்கணமாகச் சொல்ல வேண்டியதில்லை. வினைச்சொல்லை மட்டும் முழுதாகச் சொன்னால் போதும்.

ஒரு வாக்கியம் சொல்லுங்கள், நிறுத்துங்கள், முற்றுப்புள்ளியைக் கையால் தட்டுங்கள், மறுபடி மைக்கை அழுத்துங்கள். தொல்லையாகத் தோன்றும். ஆனால் தமிழில் பேசும்போது நிறுத்தற்குறி தானாக வரும் என்று நம்ப முடியாது; புள்ளி இல்லாமல் ஓடும் தமிழை அப்புறம் பிரிப்பது சிரமம். இதைப் பாருங்கள்:

துணி வந்தது இன்று டையிங் அனுப்பினோம்

வந்தது இன்றா, அனுப்பியது இன்றா? பேசியவருக்கு அந்த நிமிடம் தெரியும். அரை மணி நேரம் கழித்துத் திருத்த உட்கார்ந்தால் அவருக்கே சந்தேகம் வரும். மில்லில் வாசிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

எண்ணைச் சொல்லும்போது ஒரே மூச்சில் சொல்லுங்கள். "ஆயிரத்து நூற்று… நாற்பது" என்று நடுவில் யோசித்தால் 1100 40 என்று இரண்டு எண்களாக விழும். அரை, கால், முக்கால் என்று சொல்லாமல், கிலோவுக்கு அப்புறம் கிராமாகச் சொல்வது நல்லது. "இரண்டே கால் கிலோ" என்பது 2 கால் கிலோ என்று வந்ததைப் பார்த்திருக்கிறேன். "இரண்டு கிலோ இருநூற்று ஐம்பது கிராம்" என்றால் குழப்பமில்லை.

இடையில் தப்பாக வருவதைப் பார்த்து நிறுத்தி நிறுத்தித் திருத்தாதீர்கள். திருத்தப் போனால் சொல்ல வந்தது மறந்துபோகும். திரையைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்துப் பேசுவது நல்ல பழக்கம்.

## 5. திருத்தும் வரிசை

எல்லாரும் செய்யும் தவறு, மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே கண்ணில் பட்டதைத் திருத்துவது. "எடை சீட்டு" என்பதற்கு ச் போடுவார்கள், சேர்ந்த சொல்லைப் பிரிப்பார்கள், நாலு வரியில் களைத்துவிடுவார்கள். கீழே ஒரு பூஜ்யம் குறைந்திருப்பது அப்படியே போய்விடும். ஒற்று விடுபட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எண் மாறினால் பணம் போகும். ஆகவே நஷ்டம் பெரிதாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பேசி முடித்த சூட்டிலேயே திருத்துங்கள். என்ன சொன்னோம் என்ற நினைவு பத்து நிமிடம் கூடத் தாங்காது.

### 5.1 எண்கள்

கடிதத்தை வாசிக்க வேண்டாம். எண்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அதிகமாகக் குழம்புபவை ஒலியில் நெருங்கியவை: எழுபதும் எண்பதும், அறுபதும் இருபதும், எழுநூறும் எண்ணூறும்.

கணக்கு போட முடிந்தால் போட்டுப் பாருங்கள். எடையும் விலையும் மொத்தமும் கடிதத்தில் இருந்தால், பெருக்கினால் மொத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் மூன்றில் ஒன்று தப்பு. அதனால்தான் எங்கள் கடிதங்களில் மூன்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பெறுபவருக்கும் அது வசதி.

### 5.2 வினையின் வால்

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் படிதான். தமிழில் சொல்லின் கடைசியில் ஓர் ஒலி விழுந்துவிட்டால் மீதமும் சரியான சொல்லாகவே இருக்கும். பொருள் மட்டும் மாறியிருக்கும்.

"முடியுமா" என்று கேட்டது "முடியும்" என்று விழுந்தால், கேள்வி வாக்குறுதியாகிவிடுகிறது. "வந்ததும் அனுப்புவோம்" என்றது "வந்தது அனுப்புவோம்" என்று ஆனால், நிபந்தனை காணாமல் போகிறது. "சனிக்கிழமைக்குள்" என்பது "சனிக்கிழமைக்கு" ஆனால், வெள்ளிக்கிழமை வர வேண்டிய சரக்குக்கு சனிக்கிழமைவரை காத்திருப்போம். "அனுப்பினோம்", "அனுப்புவோம்", "அனுப்புங்கள்" மூன்றும் முதல் பாதியில் ஒன்றுதான். யார், எப்போது என்பதெல்லாம் பின்பாதியில் இருக்கிறது. அவசரமாகச் சொன்ன "அனுப்புங்க" வெறும் "அனுப்பு" என்று விழுந்தால், மில் மேலாளரை ஒருமையில் ஏவியதாக ஆகிவிடும்.

இதைப் பிடிக்கக் கண்ணைவிடக் காது நல்லது. கண் முதல் பாதியைப் பார்த்ததும் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு போய்விடும். போனின் Accessibility அமைப்பில் Select to Speak என்று ஒன்று உண்டு. அதை இயக்கி, கடிதத்தைத் தேர்ந்தெடுத்தால் போன் உரக்க வாசிக்கும். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கேளுங்கள். நான் சொன்னது கேள்வியா, வேண்டுகோளா, தகவலா? கேட்பது அதுதானா? எண் உடைந்திருந்தால் அதுவும் இப்போது காதில் விழும். "ஆயிரத்து நூறு, நாற்பது" என்று கேட்டதும் புரிந்துவிடும்.

எதிர்மறைகளைத் தனியாக ஒருமுறை பாருங்கள். "இல்லை", "வேண்டாம்", "முடியாது", "வராது" எத்தனை சொன்னீர்களோ அத்தனையும் திரையில் இருக்க வேண்டும்.

### 5.3 தாமரைகள்

குறிப்புச் சொல்லைத் தேடி ஒவ்வொன்றிலும் சரியானதை ஒட்டுங்கள். பெயரை நினைவிலிருந்து தட்டாமல் அவர்கள் அனுப்பிய பழைய மின்னஞ்சலிலிருந்தே எடுங்கள். தன் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் மனிதர்களுக்கு வருத்தம்தான்.

### 5.4 ல ள ழ, ர ற, ன ண

இங்கே காது உதவாது. ர, ற வேறுபாடு பேச்சில் பலருக்கு இல்லை, மூன்று லகரங்களும் ஊருக்கு ஊர் மாறும். கண்ணால்தான் பார்க்க வேண்டும். போன் அக்கம்பக்கச் சொல்லை வைத்து ஊகிக்கிறது; பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கும். தவறும் இடம், இரண்டு எழுத்திலும் சொல் இருக்கும் இடம்.

எங்கள் தொழிலில் அப்படி ஒரு ஜோடி கறையும் கரையும். "துணியில் கறை உள்ளது" என்றால் எண்ணெய்ப் படிவு. "துணியில் கரை உள்ளது" என்றால் பார்டர். ஒன்று புகார், மற்றொன்று வடிவமைப்பு. விலை, விளை, வேலை, வேளை, அரை, அறை ஆகியவையும் அப்படித்தான். "ஏற்றுக்கொள்ளவும்" என்பது "ஏற்றுக் கொல்லவும்" என்று போனால் வாடிக்கையாளர் மறக்கவே மாட்டார்.

உங்கள் தொழிலுக்கு இப்படி ஏழெட்டுச் சொற்கள்தான் இருக்கும். ஒரு மாதம் எந்தெந்தச் சொல்லைத் திருத்தினீர்கள் என்று குறித்து வைத்தால் பட்டியல் தானே அமைந்துவிடும். பிறகு அந்தச் சொற்களை மட்டும் தேடிப் பார்த்தால் போதும்.

### 5.5 ஒற்று, இடைவெளி, பத்தி

கடைசியாக இது. "அனுப்ப வில்லை" போன்று பிரிந்ததைச் சேருங்கள், நேரம் இருந்தால் ஒற்றைச் சரிசெய்யுங்கள், பத்தி பிரியுங்கள். நேரம் இல்லாத நாளில் விடலாம் என்றால் இந்தப் படியைத்தான் விடலாம்.

## 6. ஒரு கடிதம், முதலிலிருந்து

மில்லிலிருந்து 30 ஆம் நம்பர் கோம்டு நூல் 1,200 கிலோ கேட்டிருந்தோம். எடை போட்டால் 1,140 கிலோ. விலை கிலோ ரூ.280. எங்கள் சூப்பர்வைசர் நிறுத்தாமல் பேசி முடித்தபோது திரையில் இருந்தது இது:

> வணக்கம் தாமரை நீங்கள் அனுப்பிய 30 நம்பர் கோம்பு நூல் நேற்று வந்தது ஆர்டர் 1200 கிலோ இருந்தது 1100 40 கிலோ எடை சீட்டு இணைத்துள்ளோம் குறைந்த 60 கிலோவை சனிக்கிழமைக்கு அனுப்ப முடியும் முடியாது என்றால் கிலோ 280 விளை கணக்கில் 16800 ரூபாய்க்கு கிரெடிட் நோட் தரவும் உங்கள் பதில் வந்தது இந்த லாட்டை நிட்டிங் அனுப்புவோம்

முதலில் எண்கள். 1100 40 என்பதை 1,140 ஆக்கினோம். 1,200-இலிருந்து 1,140 போனால் 60, சரி. 60-ஐ 280-ஆல் பெருக்கினால் 16,800, அதுவும் சரி.

அடுத்து வால்கள். கேட்கும்போதே மூன்று சிக்கின: சனிக்கிழமைக்கு, அனுப்ப முடியும், பதில் வந்தது. இந்த மூன்றையும் விட்டிருந்தால் மில்காரர் என்ன நினைப்பார்? பதில் ஏற்கெனவே வந்துவிட்டது, லாட் நிட்டிங் போகப்போகிறது என்று. நூலை ஓட்டிவிட்டால் எடைக்குறைவைப் பற்றிப் பேசும் உரிமையே மங்கிவிடும். கடிதம் எழுதியதே அதை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று சொல்லத்தான்.

பிறகு தாமரையில் பெயர். கண்ணால் பார்த்தபோது விளை விலையானது, கோம்பு கோம்டு ஆனது. தொழில் சொற்களில் இப்படி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும்; ஒருமுறை வந்த பிழை அதேபோலத் திரும்ப வரும் என்பதால் பிடிப்பது சுலபம்.

அனுப்பியது இது:

> வணக்கம் … அவர்களுக்கு,
>
> நீங்கள் அனுப்பிய 30 ஆம் நம்பர் கோம்டு நூல் நேற்று வந்தது. ஆர்டர் 1,200 கிலோ. எடை போட்டதில் இருந்தது 1,140 கிலோ. எடைச் சீட்டின் படத்தை இணைத்துள்ளோம்.
>
> குறைந்த 60 கிலோவைச் சனிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா? முடியாது என்றால், கிலோ ரூ.280 விலைக் கணக்கில் ரூ.16,800-க்கு கிரெடிட் நோட் தரவும். ஜிஎஸ்டி தனி.
>
> உங்கள் பதில் வந்ததும்தான் இந்த லாட்டை நிட்டிங் அனுப்புவோம்.

கடைசி வரியில் "வந்ததும்" என்பதை "வந்ததும்தான்" ஆக்கியது திருத்தும்போது தோன்றியது. முக்கியமான நிபந்தனை ஒற்றை "உம்" மீது நிற்கும் இடங்களில் இப்படி ஒரு சொல்லைக் கூட்டி அழுத்துவது நல்லது. "ஜிஎஸ்டி தனி" பேச மறந்தது, கையால் சேர்த்தோம்.

பேச ஒரு நிமிடத்துக்கும் குறைவு, திருத்த நாலு நிமிடம். புதியவர்கள் இந்த விகிதத்தைப் பார்த்து ஏமாற்றம் அடைகிறார்கள். அவர்கள் இதையே தட்டியிருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

## 7. அனுப்பும்போது

குறிப்பிலிருந்து நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டுங்கள். "இணைத்துள்ளோம்" என்று எழுதியிருந்தால் முதலில் கோப்பை இணையுங்கள். "தாமரை" என்று ஒருமுறை தேடுங்கள். ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது.

பொருள் வரியைப் பேச வேண்டாம், தட்டுங்கள். ஐந்தாறு சொற்கள்தான், அதில் ஒரு பிழை இருந்தால் கடிதத்தைத் திறக்கும் முன்பே கண்ணில் படும். பில் எண் அதில் இருந்தால் பிறகு தேட வசதி. முகவரியைக் கடைசியில் போடுங்கள்.

கணினியில் ஜிமெயில் அமைப்புகளில் Undo Send என்பதை 30 விநாடிக்கு மாற்றி வையுங்கள். அதற்குமேல் அதில் இல்லை. அனுப்பியதும் திரையை மூடாமல், அந்த அரை நிமிடத்தில் எண்களை மட்டும் இன்னொரு முறை சீட்டோடு பாருங்கள்.

அதையும் தாண்டிப் பிழை போய்விட்டால், முழுக் கடிதத்தையும் திருத்தி மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டு கடிதங்களில் எது மாறியது என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும். அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, தப்பான வரியையும் சரியான வரியையும் மட்டும் எழுதுங்கள்: "காலையில் அனுப்பிய கடிதத்தில் சனிக்கிழமைக்கு என்று உள்ளது, சனிக்கிழமைக்குள் என்று கொள்ளவும்." இந்த வரியை மட்டும் பேசாமல் கையால் தட்டுங்கள்.